பூஜை லீவு 2026: ரெண்டு நாள் லீவில் ஒன்பது நாள் கிடைக்கும், மூன்றாவது நாளை எடுத்தால் என்ன ஆகும்?

கொல்கத்தா செக்டர் ஃபைவில் வேலை பார்க்கும் மதுரைக்கார நண்பர் ஒருவர், போன வருஷம் துர்கா பூஜைக்கு ஊருக்குப் போக ரெண்டு நாள் லீவு போட்டார். கணக்கு கச்சிதம். 2025-இல் சப்தமி செப்டம்பர் 29 திங்கள், தசமி அக்டோபர் 2 வியாழன். நடுவில் நான்கு நாளும் ஆபீஸ் விடுமுறை. முன்னால் வந்த வெள்ளி ஒன்று, பின்னால் வந்த வெள்ளி ஒன்று, ரெண்டையும் லீவாகப் போட்டால் செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 5 வரை முழுசாகப் பத்து நாள்.

ஊருக்குப் போய்த் திரும்பி வந்து எச்.ஆர். போர்ட்டலைத் திறந்தால், கழிந்திருந்தது ரெண்டு நாள் இல்லை, எட்டு நாள். நடுவில் இருந்த சனி, ஞாயிறு, பூஜை விடுமுறை நான்கு நாள் எல்லாமே அவர் கணக்கில் லீவாகப் பதிவாகியிருந்தன. கேட்டதற்கு, “பாலிசியில் இருக்கு, பாருங்க” என்று ஒரு பி.டி.எஃப். அனுப்பினார்கள். இருந்தது. பதினொன்றாம் பக்கத்தில்.

இதற்கு ஆபீஸ் வட்டாரத்தில் சாண்ட்விச் ரூல் என்று பேர். ஒவ்வொரு டிசம்பரிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் “இத்தனை நாள் லீவு போட்டால் இத்தனை நாள் ஜாலி” பட்டியல்களில் இது இருக்காது. அந்தப் பட்டியல்கள் காலண்டரை மட்டும் பார்த்துச் செய்யப்படுபவை. உங்கள் லீவு கழிவதோ காலண்டர்படி இல்லை, கம்பெனி பாலிசிப்படி. 2026 பூஜையை வைத்து இதை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், எந்த நாள் விடுமுறை?

இந்த வருஷம் பூஜை போன வருஷம் போல வசதியாக விழவில்லை. சஷ்டி அக்டோபர் 17 சனி, சப்தமி 18 ஞாயிறு. ரெண்டும் வாரக்கடைசியிலேயே கரைந்துவிட்டன. அஷ்டமி 19 திங்கள், நவமி 20 செவ்வாய், தசமி 21 புதன். லட்சுமி பூஜையும் 25 ஞாயிறு. ஐந்து நாள் வேலை வாரம் உள்ளவருக்கு 17 சனி முதல் 21 புதன் வரை, லீவு எதுவும் போடாமலேயே ஐந்து நாள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தலைமை அலுவலகம் பெங்களூரிலோ சென்னையிலோ மும்பையிலோ இருந்து, எல்லா ஊருக்கும் ஒரே விடுமுறைப் பட்டியல் போடும் கம்பெனி என்றால், அதில் விஜயதசமி அக்டோபர் 20 செவ்வாய் என்றுதான் இருக்க வாய்ப்பு அதிகம். மத்திய அரசின் பட்டியலிலும் தசரா 20-ஆம் தேதிதான். கொல்கத்தாவிலோ தசமி 21.

ரெண்டுமே தப்பில்லை. தசமி திதி 20-ஆம் தேதி மதியவாக்கில் தொடங்கி மறுநாள் மதியம் தாண்டி முடிகிறது. தசராவுக்குப் பிற்பகலில் தசமி இருக்கிற நாளைப் பார்ப்பார்கள், அது 20. வங்காளத்துப் பூஜை சூரிய உதயத்தில் எந்தத் திதி இருக்கிறது என்பதைப் பார்த்து நடக்கிறது. 20-ஆம் தேதி காலையில் இருப்பது நவமி. எனவே அம்மனை வழியனுப்பும் நாள் 21. நம்ம ஊர் பஞ்சாங்கத்தையும் இங்கத்திய பஞ்ஜிகாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

உங்கள் லீவு கணக்கில் இந்த ஒரு நாள் வித்தியாசம் சின்னது இல்லை. 21 புதன் விடுமுறை என்றால், வியாழன், வெள்ளி (22, 23) ரெண்டு நாள் லீவு போட்டால் 17 முதல் 25 வரை ஒன்பது நாள் கிடைக்கும். 21 விடுமுறை இல்லை என்றால் அதே ஒன்பது நாளுக்கு மூன்று நாள் லீவு ஆகும். எனவே பட்டியலைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது “துர்கா பூஜை” என்ற பெயரை இல்லை, அதற்கு எதிரே இருக்கும் தேதியை.

இன்னொரு குழப்பமும் உண்டு. மேற்கு வங்க அரசு தன் ஊழியர்களுக்குப் பூஜைக்கு நீண்ட விடுமுறை விடும். செய்தியில் அது பெரிதாக வரும். ஊரில் இருக்கும் அம்மாவும் அதைப் பார்த்துவிட்டு, “உனக்குத்தான் பத்து நாள் லீவாமே” என்று போன் பண்ணுவார். அது மாநில அரசு அலுவலகங்களுக்கு. வங்கிகளுக்கு, செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் அறிவிக்கப்படும் விடுமுறைகள் தனி. தனியார் கம்பெனிக்கு அது தானாக வெளியிட்ட பட்டியல்தான்.

சனிக்கிழமை வேலை உள்ளவர்களுக்குக் கணக்கு மாறும். வாரத்தில் ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால், 22, 23, 24 மூன்று நாள் லீவுக்கு 18 முதல் 25 வரை எட்டு நாள். வங்கியில் இருப்பவர்களுக்கு ரெண்டாவது, நாலாவது சனி விடுமுறை. அக்டோபர் 17 மூன்றாவது சனி, வேலை நாள்; 24 நாலாவது சனி, விடுமுறை. தசமி வரை விடுமுறை இருந்தால், அவர்களுக்கு ரெண்டு நாள் லீவில் எட்டு நாள்.

பாலம் முழுசாக இருந்தால்தான் பாலம்

“ஒரு லீவுக்கு எத்தனை நாள் கிடைக்குது” என்று சராசரி பார்ப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஒன்பது நாளை ரெண்டால் வகுத்தால் ஒரு லீவுக்கு நாலரை நாள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சராசரி உண்மையை மறைக்கிறது.

22 வியாழன் மட்டும் லீவு கிடைத்து, 23 வெள்ளி கிடைக்கவில்லை என்று வையுங்கள். 17 முதல் 22 வரை ஆறு நாள். ஏற்கனவே சும்மா கிடைத்தது ஐந்து. அப்படியென்றால் அந்த லீவு உங்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு நாள். ரெண்டாவது லீவும் சேரும்போதுதான் ஐந்து நாள் துண்டும் வாரக்கடைசித் துண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்பதாகிறது. லாபம் முழுக்க அந்த ரெண்டாவது நாளில்தான் இருக்கிறது.

எனவே மேனேஜரிடம் வியாழன், வெள்ளியைத் தனித்தனியாகக் கேட்கக் கூடாது. ஒரே விண்ணப்பமாகப் போட்டு, ரெண்டும் சேர்ந்தே கிடைக்குமா என்று கேட்க வேண்டும். “ஒரு நாள் மட்டும் எடுத்துக்கோங்க” என்ற பதில் வந்தால், அந்த ஒரு நாளை வேறு எங்காவது செலவழிப்பதே மேல். உதாரணத்துக்கு, நவம்பர் 8. தீபாவளியும் காளி பூஜையும் இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் 9 ஒரு நாள் லீவு போட்டால், சனி முதல் திங்கள் வரை ஊரில் இருக்க மூன்று நாள் கிடைக்கும். பூஜை வாரத்தில் தனியாக நிற்கும் வியாழனைவிட இது எவ்வளவோ தேவலை.

மூன்றாவது நாளின் விலை

இப்போது விஷயத்துக்கு வருவோம். 17 முதல் 25 வரை ஒன்பது நாள் உங்கள் கையில் இருக்கிறது. ஊர் தமிழ்நாடு. ரயிலில் போகிறீர்கள் என்றால் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஷாலிமாரிலிருந்து பிற்பகலில் கிளம்பி மறுநாள் மாலை சென்னை சேரும். சனி கிளம்பினால் ஞாயிறு மாலை சென்னை. திரும்பும்போது சென்னையில் சனி காலை ஏறினால் ஞாயிறு காலை இங்கே. நடுவில் ஊரில் முழுசாக இருப்பது திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். மதுரை, நெல்லை என்றால் போக வர இன்னும் ஒவ்வொரு ராத்திரி போகும். ஒன்பது நாள் என்பது காகிதத்தில்தான்.

உடனே தோன்றுவது, “வெள்ளிக்கிழமையே கிளம்பிட்டா என்ன?” அக்டோபர் 16 வெள்ளி ஒரு நாள் கூடுதல் லீவு. மொத்தம் மூன்று நாள் லீவு, பத்து நாள் விடுமுறை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம்ம மதுரை நண்பரும் போன வருஷம் இதே யோசனையில்தான் முன்னால் வந்த வெள்ளியைச் சேர்த்தார்.

சாண்ட்விச் ரூல் சொல்வது இதுதான்: ரெண்டு லீவு நாளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட விடுமுறையும் வாரக்கடைசியும் லீவாகவே எண்ணப்படும். 22, 23 மட்டும் போட்டால் உங்கள் லீவு ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஐந்து நாள் விடுமுறை முன்னால் ஒட்டியிருக்கிறது, வாரக்கடைசி பின்னால் ஒட்டியிருக்கிறது, எதுவும் நடுவில் மாட்டவில்லை. கழிவது ரெண்டு. 16-ஐச் சேர்த்த அடுத்த நொடி, 17 முதல் 21 வரை ஐந்து நாளும் ரெண்டு லீவுக்கு நடுவில் வந்துவிடும். கழிவது 16 முதல் 23 வரை எட்டு நாள். அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஆறு லீவு.

மேற்கு வங்கக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1963, ஒரு வருஷ வேலைக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய பிரிவிலேஜ் லீவு தரச் சொல்கிறது. வருஷத்துக்கு 10 நாள் கேஷுவல் லீவு தனி. உங்கள் கம்பெனி இதையொட்டித்தான் தருகிறது என்றால், எட்டு நாள் என்பது வருஷ பிரிவிலேஜ் லீவில் பாதிக்கு மேல். அதற்கப்புறம் பொங்கலுக்குக் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

எல்லா இடத்திலும் இந்த ரூல் ஒரே மாதிரி இல்லை. சில கம்பெனிகளில் இல்லவே இல்லை. சில இடங்களில் வாரக்கடைசிக்கு மட்டும் உண்டு, அறிவித்த பண்டிகை விடுமுறைக்குக் கிடையாது. அப்படியானால் மேலே உள்ள கணக்கில் 17, 18 மட்டும் சேர்ந்து ஐந்து நாள் கழியும். மத்திய அரசு ஊழியர்களுக்கு லீவு வகையைப் பொறுத்து மாறும். ஈட்டிய விடுப்புக்கு முன்னும் பின்னும் விடுமுறையை ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் நடுவில் வரும் விடுமுறை விடுப்பாகவே எண்ணப்படும். தற்செயல் விடுப்பில் நடுவில் வரும் ஞாயிறும் விடுமுறையும் எண்ணப்படாது. ஆனால் தற்செயல் விடுப்பை வேறு விடுப்புடன் சேர்த்து எடுக்க முடியாது. அதாவது, “முன்னால் ஒரு சி.எல்., பின்னால் ரெண்டு ஈ.எல்.” என்ற தந்திரம் அங்கே செல்லாது. தனியாரில் இது சில இடத்தில் செல்லும், சில இடத்தில் செல்லாது.

உங்கள் ஆபீஸில் எப்படி என்று தெரிந்துகொள்ள பதினொன்றாம் பக்கம் வரை போக வேண்டியதில்லை. லீவு போர்ட்டலில் 16 முதல் 23 வரை ஒரே விண்ணப்பமாகத் தேதியைப் போடுங்கள். சமர்ப்பிக்கும் பட்டனை அமுக்காதீர்கள். பெரும்பாலான போர்ட்டல்கள் அதற்கு முன்பே “மொத்த நாட்கள்” என்று ஒரு எண்ணைக் காட்டும். 3 என்றால் நிம்மதி. 8 என்றால் ரூல் இருக்கிறது. அடுத்து 16-ஐ ஒரு விண்ணப்பமாகவும் 22, 23-ஐ இன்னொன்றாகவும் போட்டுப் பார்த்தால் 1, 2 என்று காட்டக்கூடும். இதை நம்பி ஏமாறாதீர்கள். தனித்தனியாகப் போட்டதை மாசக் கடைசியில் சம்பளக் கணக்கு முடிக்கும்போது சேர்த்துவிடும் கம்பெனிகள் உண்டு. நண்பருக்கு நடந்தது இதுதான். எச்.ஆருக்கு ஒரு வரி மெயில் போட்டு, தேதிகளைக் குறிப்பிட்டு, “எத்தனை நாள் கழியும்?” என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுவது நல்லது.

ரூல் இருந்தால் வெள்ளியை என்ன செய்வது?

லீவு போடாமல் வெள்ளியைச் சமாளிக்க வழி தேட வேண்டும். வேலை முடித்து ராத்திரி விமானம் பிடிப்பது ஒன்று. பூஜைக்கு முந்தின வெள்ளி என்பதால் டிக்கெட் விலை கையைக் கடிக்கும். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி இருந்தால், முன்கூட்டியே கிளம்பி வெள்ளியன்று ஊரிலிருந்து லாகின் செய்யலாம். அது வேலை நாள், எனவே எதுவும் மாட்டாது. வாரக்கடைசியில் வேலை பார்த்த காம்ப்-ஆஃப் கையில் இருந்தால் அதை வெள்ளிக்குப் போடலாம், ஆனால் காம்ப்-ஆஃப் லீவாக எண்ணப்படுமா என்று முதலில் கேளுங்கள். அரை நாள் லீவு கொஞ்சம் ஆபத்து. காலையில் வேலை பார்த்தாலும் மதியத்துக்கு மேல் லீவு என்று பதிவானால், அதையும் சாண்ட்விச்சின் ஒரு பக்கமாக எடுக்கும் பாலிசிகள் இருக்கின்றன.

எதுவும் சரிப்படவில்லை என்றால், சனிக்கிழமையே கிளம்பி ஊரில் ஐந்து நாள் இருந்துவிட்டு வருவதுதான் மலிவு. ஆறு லீவு கொடுத்து ஒரு நாள் வாங்குவதைவிட, அந்த ஆறையும் ஜனவரியில் மொத்தமாகச் செலவழிக்கலாம். இந்த வருஷ ஜனவரியையே பாருங்கள். பொங்கல் 15 வியாழன். நேதாஜி பிறந்தநாளும் சரஸ்வதி பூஜையும் ஒரே நாளில், 23 வெள்ளி. 26 திங்கள் குடியரசு நாள். 23-ஐப் பட்டியலில் வைத்திருந்த ஆபீஸில் 15, 16, 19, 20, 21, 22 என்று ஆறு லீவு போட்டிருந்தால், 15 முதல் 26 வரை பன்னிரண்டு நாள். (நடுவில் 17, 18 இருப்பதால், ரூல் உள்ள இடத்தில் எட்டு கழிந்திருக்கும்.) ஒரு லீவுக்கு ரெண்டே நாள்தான், பூஜைக் கணக்கின் நாலரைக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் பொங்கல் ஊரில். தவிர, கொல்கத்தா டீமில் அந்த வாரம் லீவுக்குப் போட்டி போட ஆளே இருக்காது. பூஜை வாரத்தில் மொத்த டீமும் லீவு கேட்கும். பூஜைக்கு அடுத்த வியாழன், வெள்ளியில் ஷிப்ட் பார்க்க ஒத்துக்கொண்டு, பதிலுக்குப் பொங்கல் வாரத்தை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளும் தமிழர்கள் இங்கே உண்டு. எனக்குத் தெரிந்தவரை ரெண்டு தரப்புக்கும் சந்தோஷம் தரும் ஒரே பேரம் அது.

ஷீட்டில் போட்டுப் பார்க்க

கூகுள் ஷீட்டிலோ எக்செலிலோ உங்கள் கம்பெனியின் விடுமுறைத் தேதிகளை H2 முதல் H20 வரை எழுதுங்கள். A2-இல் விடுமுறை தொடங்கும் நாள், B2-இல் முடியும் நாள். சாண்ட்விச் இல்லாத இடத்தில் எத்தனை லீவு ஆகும் என்பதை முதல் வரி சொல்லும். ஞாயிறு மட்டும் விடுமுறை உள்ளவர்களுக்கு ரெண்டாவது வரி.

```
=NETWORKDAYS(A2,B2,$H$2:$H$20)
=NETWORKDAYS.INTL(A2,B2,11,$H$2:$H$20)
=D2-C2+1
```

மூன்றாவது வரி சாண்ட்விச் உள்ள இடத்துக்கு. C2-இல் நீங்கள் போடும் முதல் லீவு நாள், D2-இல் கடைசி லீவு நாள். அவ்வளவுதான், நடுவில் என்ன வந்தாலும் கழிக்கப்படும் என்பதால் விடுமுறைப் பட்டியலே தேவையில்லை. முதல் வரிக்கும் மூன்றாவது வரிக்கும் வித்தியாசம் பெரிதாக வந்தால், ஏதோ ஒரு ஓரத்து லீவுதான் காரணம். முதல் நாளையோ கடைசி நாளையோ ஒன்று நகர்த்திப் பாருங்கள், எண் சட்டென்று இறங்கும் இடம் தெரியும்.

வருஷக் கடைசிக்கும் இதே ஷீட் போதும். டிசம்பர் 25 வெள்ளி, 2027 ஜனவரி 1-ம் வெள்ளி. ரெண்டும் உங்கள் பட்டியலில் இருந்தால், 28 முதல் 31 வரை நான்கு லீவுக்குப் பத்து நாள். நான்கும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து இருப்பதால் நடுவில் எதுவும் மாட்டாது. சாண்ட்விச் உள்ள ஆபீஸிலும் நான்குதான் கழியும். அதனால்தான் லீவு கறாரான கம்பெனிகளில் விவரம் தெரிந்தவர்கள் இந்த வாரத்தைக் குறிவைக்கிறார்கள்.

டிக்கெட் தேதிகள்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது; 2024 நவம்பருக்கு முன்னால் 120 நாள் இருந்தது. அக்டோபர் 17 சனி கிளம்ப, புக்கிங் ஆகஸ்ட் 18 செவ்வாய் காலை 8 மணிக்கு. 16 வெள்ளியே கிளம்ப வழி இருந்தால் ஆகஸ்ட் 17 திங்கள். 24 சனி திரும்ப ஆகஸ்ட் 25. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிக்காதவர்கள் புக்கிங் திறந்த உடனேயே டிக்கெட் எடுக்க முடியாது, எனவே அதை முன்னாலேயே முடித்து வையுங்கள். பூஜைக்கு முந்தின சனி என்பதால் காத்திருப்போர் பட்டியல் சீக்கிரமே நீளும். எச்.ஆருக்கு அனுப்பும் அந்த ஒரு வரி மெயில் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் போய்விட்டால், வெள்ளியா சனியா என்பது புக்கிங் திறக்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.